மயிரிழையில் தோற்றால் வெளியே

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஃப்ரிட்ஜின் முதுகைத் துடைத்தது.

சனிக்கிழமை காலை. மகள் குடிவந்து ஒரு மாதம் ஆகியிருந்த வீடு, மூன்றாவது மாடி. மற்றதெல்லாம் புதுசு, ஃப்ரிட்ஜ் மட்டும் பழசு. அப்பா எங்கிருந்தோ தூக்கிவந்து உயிர் கொடுத்தது. பின்னால் கறுப்புக் கம்பிகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதைத் துடைக்காமல் ஓட்டினால் சூடு வெளியே போகாது, மோட்டார் மூச்சு வாங்கும் என்று அவர் மூன்று வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"பிடி, பிடி. இழுக்காத, தள்ளு."

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா."

"உன் காலேஜ்ல ஒண்ணா இருக்கலாம். தரையில போட்ட டைல்ஸுக்கு ஒண்ணு இல்ல."

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டுச் சமையலறைகளில் குப்புறப் படுத்து வேலை செய்தவர். மகள் ஒரு தொழிற்சாலையில் மோட்டார்களுக்கான கண்ட்ரோல் பேனல் வடிவமைப்பவள். அப்பா பிரஷ் போட, அவள் வேக்குவம் குழாயைப் பிடித்தாள். முடிந்ததும் ஸ்விட்சைப் போட்டு, வழக்கம்போல ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்தார். டாக்டருக்குக்கூட அவ்வளவு அக்கறை இருக்காது.

"இப்ப நல்லாத் தூங்குது" என்றார்.

கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "சரி, இன்னிக்கு என்ன வேலை?"

சனிக்கிழமை மதியம் அவர் ரேஸ் கிளப்புக்குப் போவார். போகும்போது மகள் ஒரு வேலை சொல்லி அனுப்ப வேண்டும். அது ஏற்பாடு. அன்றைக்கு அவள் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

"இதுக்கு ஒரு டூப்ளிகேட் போட்டுட்டு வாங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். நான் வர்ற வரைக்கும் படியில உக்காந்திருக்கீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க உங்களை கூரியர்னு நினைக்கிறாங்க."

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ இல்லாத நேரத்துல வந்து ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிடப்போறேன்."

"தாராளமா. மூணு மாடி தூக்கணும்."

சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் போட்டார். பாதிப் படியில் நின்று அண்ணாந்து கேட்டார்: "தோத்தாத்தானே போகணும்? ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சா நாளைக்குப் போடுங்க."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரோட்டில் விழுந்துகிடந்தவரை யாரோ ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மகளும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது இதயம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரு காகிதக் கவரில் அவருடைய உடைமைகள் வந்தன. கண்ணாடி, பட்டன் போன், கொஞ்சம் சில்லறை, சாவி.

ஒரே ஒரு சாவி.

அந்த ஒற்றைச் சாவி அம்மாவையும் மகளையும் ஏன் அப்படி அறுத்தது என்று சொல்ல வேண்டுமானால், ஏழு வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்பா சூதாடி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். வேலையில் நிதானம், பேச்சில் நிதானம். தோற்றாலும் அலட்டிக்கொள்ள மாட்டார். பணம் கட்டின குதிரை கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தால், "பாவம், அதுக்கும் இன்னிக்கு உடம்பு சரியில்ல" என்று சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. இரண்டு குதிரைகள் ஒன்றாகக் கோட்டைத் தாண்டி, எது முந்தியது என்று படம் பார்த்துச் சொல்லத் திரையில் 'போட்டோ' என்று எழுத்து வந்து, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் அவர் குதிரை மூக்கு நுனி அளவுக்குத் தோற்றது என்று தெரிந்தால் போச்சு. அவர் வேறு ஆளாகிவிடுவார். காது சிவக்கும். பேச்சு வேகமாகும். தோற்றவன் மாதிரி இருக்க மாட்டார். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியவனைத் துரத்துகிறவர் மாதிரி இருப்பார்.

அடுத்த ரேஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தக் குதிரை, யார் ஓட்டுகிறார், எதுவும் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் இரண்டு மடங்கு கட்டுவார். அதுவும் போனால் நாலு மடங்கு.

அப்படி ஒரு மதியத்தில்தான் வேன் போனது. கருவிப்பெட்டியும் காஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றின வேன். கிளப்பிலிருந்து நடந்தே திரும்பி வந்தவரிடம், வேன் எங்கே என்று அம்மா கேட்டாள்.

"எனக்குச் சக்களத்தி இருக்கான்னு தெரியும்" என்றாள் அம்மா. "நாலு கால்ல ஓடுறவ. போகட்டும். இன்னொரு தடவை இப்படி ஒண்ணு நடந்தா, நான் என் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்." அம்மா கத்தியிருந்தால் பயமில்லை. சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்.

அடியோடு விட்டுவிடுகிறேன் என்று அதற்கு முன்பே அவர் மூன்று முறை சத்தியம் செய்திருந்தார். மூன்று முறையும் சத்தியத்தைவிடப் பெரிதாக முடிந்திருந்தது. அதனால் இந்தத் தடவை மகள் சத்தியம் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பழுதான மெஷினைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"போட்டோவுல தோத்த உடனே என்ன ஆகுது?"

"என்ன ஆகுதுன்னா... நான் சொன்னதுதானே சரின்னு தோணும். குதிரையை நான் சரியாத்தான் எடுத்தேன். பணம் என்னுதுதான். ஒரு மூக்குல போச்சு. அதை உடனே வாங்கிடணும்னு இருக்கும்."

"பத்து குதிரை நீளம் பின்னாடி தோத்தா?"

"அப்போ ஒண்ணும் இல்லையே."

"ரெண்டுலயும் போற பணம் ஒண்ணுதானேப்பா."

"ஒண்ணுதான். தெரியும்."

"அடுத்த ரேஸ்ல ஓடுற குதிரைக்கு இது தெரியுமா?"

அவர் யோசித்தார். "அதுக்கு என்னையே தெரியாது."

பிறகு அவரே சொன்னார். "கரண்ட் போய் உடனே வந்தா ஃப்ரிட்ஜ் என்ன பண்ணும், தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றவுடன் ஒருபக்கம் அழுத்தம் ஏறிக் கிடக்கும், மறுபக்கம் இறங்கிக் கிடக்கும். அந்த நிலையில் திரும்ப ஓட்டினால் மோட்டாரால் சுற்ற முடியாது. முனகும். கரண்டை இழுத்துக் குடிக்கும். உள்ளே சுருள் வெந்துபோகும். சில நிமிடம் விட்டால், மெல்லிய குழாய் வழியாக அழுத்தம் தானே வடிந்து இரண்டு பக்கமும் சமமாகும். அப்புறம் பூ மாதிரி சுற்றும். அதற்காகத்தான் தாமதமாக ஸ்விட்ச் போடும் டைமர் இருக்கிறது.

"உங்களுக்கும் ஒண்ணு மாட்டிடலாம்" என்றாள்.

"மாட்டு. எங்க மாட்டுவே?"

முதல் வேலை, கைக்கு எட்டுகிற கரண்டைக் குறைத்தார்கள். சனிக்கிழமை மட்டும். எந்த ரேஸ், எந்தக் குதிரை, எவ்வளவு என்று காலையிலேயே வீட்டில் முடிவு. அதற்கு உண்டான ரொக்கம் மட்டும் சட்டைப் பையில். பாங்க் கார்டு அம்மாவிடம். ஸ்மார்ட்போன் போய் பட்டன் போன் வந்தது, ஏனென்றால் கிளப்பை விட்டு வெளியே வந்தபிறகும் ஆப்பில் கட்டலாம். ஆப்புக் கணக்கையே நிரந்தரமாக மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்தது டைமர். போட்டோவில் தோற்றால் கால்மணி நேரம் வெளியே நிற்க வேண்டும்.

"உங்களுக்குச் சூடு ஏறினா போகணும்னு வைக்கல" என்று மகள் தெளிவாகச் சொன்னாள். "சூடா இருக்கிறவனுக்குச் சூடு தெரியாது. திரையில போட்டோன்னு வந்து தோத்தா, சிரிச்சுக்கிட்டு இருந்தாலும் வெளியே. அவ்வளவுதான்."

முதல் தடவையே டைமர் தோற்றது. அப்பா வெளியே போய் நின்றார், சரிதான். கண்ணாடிக் கதவு வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கால்மணி நேரம் கைக்கடிகாரத்தை முறைத்துவிட்டு, முன்னைவிடச் சூடாக உள்ளே போய், வீட்டுக்கு பஸ்ஸில் வர வைத்திருந்த சில்லறை வரை கட்டினார்.

மறுநாள் இருவரும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். தப்பு மகளுடைய வடிவமைப்பில் இருந்தது. நேரம் மட்டும் கொடுத்திருந்தாள். அழுத்தம் வடிய வழி கொடுக்கவில்லை.

"குழாய் அடைச்சிருந்தா நாள் முழுக்க நிறுத்தி வச்சாலும் சமம் ஆகாது" என்றார் அப்பா. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பதே அவருக்கு மறந்திருந்தது. உற்சாகமாக இருந்தார்.

அப்படித்தான் வேலை வந்தது. போட்டோவில் தோற்றால், திரை கண்ணில் படாத தூரத்துக்கு நடந்து, காலையில் சொன்ன ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும். கத்தரிக்கோல் சாணை பிடிப்பது. அம்மாவின் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி. பல்பு. முடித்த சாமானைக் கொண்டுவந்து கிளப்பில் சீட்டு எழுதும் பெண்மணியிடம் காட்ட வேண்டும். காட்டாமல் அவர் சீட்டு எழுத மாட்டார். அந்தப் பெண்மணி கம்பி வலைக்குப் பின்னால் இருபது வருடம் உட்கார்ந்து எத்தனையோ குடும்பம் போனதைப் பார்த்தவர். கேட்டவுடன் சம்மதித்தார். "ஒருத்தராவது கத்தரிக்கோலைக் காட்டிட்டுப் போகட்டுமே" என்றாராம்.

கிளப்பில் கேலிக்குப் பஞ்சமில்லை. அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு, அப்பாவுக்கு 'கம்ப்ரசர்'. அவருடைய கூட்டாளி ஒரு தையல்காரர், எப்போது தோற்றாலும் "ஜஸ்ட் மிஸ்ஸுப்பா" என்பதால் அவர் 'ஜஸ்ட்மிஸ்'. "பொண்டாட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புறா, புள்ள சாணைக்கு அனுப்புது, குதிரையாவது உன்னை உக்காரச் சொல்லுதா?" என்று ஜஸ்ட்மிஸ் கேட்பார். அப்பா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது பெரும்பாலும் இரண்டு ரேஸ் முடிந்திருக்கும். பெரும்பாலும் வீட்டுக்கே வந்துவிடுவார்.

ஏழு வருடம் அது பிடித்துக்கொண்டது. ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. வருடம் முடிந்து பார்த்தால் எப்போதும் நஷ்டம்தான். சினிமாவுக்குப் போன மாதிரி என்பார். ஆனால் புதிதாக ஒரு வேன் வாங்கினார். அம்மா அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை.

இதனால்தான் ஒற்றைச் சாவி.

அன்றைய முடிவுகளை மகள் போனில் பார்த்தாள். காலையில் அப்பா முடிவு செய்திருந்த குதிரை மூன்றாவது ரேஸில் போட்டோவில் தோற்றிருந்தது. மூக்களவு. அப்படியென்றால் அவர் போயிருக்க வேண்டும். போயிருந்தால் சாவி இரண்டாகியிருக்க வேண்டும். ரேஸ் நடந்தது நல்ல வெயிலில். ஆஸ்பத்திரிக்கு வந்தது வெயில் சாய்ந்த பிறகு.

"நடுவுல என்ன பண்ணாரு?" என்று அம்மா கேட்டாள். வீட்டில் கூட்டம் எல்லாம் கலைந்திருந்தது. சில்லறை தவிர சட்டைப் பையில் ரொக்கம் இல்லை. கட்டித் தோற்றாரா, ஆம்புலன்ஸில் விழுந்துவிட்டதா, யாரிடம் கேட்பது?

"தெரியலம்மா."

"ஏழு வருஷம். கடைசி நாளு பார்த்து..."

"தெரியாம சொல்லாதம்மா."

"தெரியலைங்கிறதுதான்டி தாங்கல. விளையாடினாருன்னு தெரிஞ்சா திட்டித் தீர்த்துடுவேன். விளையாடலைன்னா அழுது தீர்த்துடுவேன். இப்ப ரெண்டும் முடியல."

கிளப் ஆட்கள் தெருமுனை வரை வந்து நின்றார்கள். அம்மா யாரையும் படியேற விடவில்லை.

மகள் தன் வீட்டுக்குத் திரும்பினாள். மாடிப்படி ஏறும்போது மூன்றாவது வளைவில் கால் தானாக மெதுவானது. அங்கேதான் உட்கார்ந்திருப்பார், கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு. "கூரியர்" என்பார். கதவைத் திறக்கும் வரை எழுந்திருக்க மாட்டார், முட்டி வலி. இனிமேல் அந்தப் படி வெறும் படி. அதை அவள் தினமும் தாண்ட வேண்டியிருந்தது. ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்று, சற்று கழித்து மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது அவள் எழுந்து போய்ப் பக்கவாட்டில் காதை வைத்தாள். உள்ளே என்ன கேட்க வேண்டும் என்று அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனாள்.

நீளமான ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வரிசையாகத் திரைகள், தரை முழுக்கக் கசங்கிய சீட்டுகள். அவள் உள்ளே வந்ததும் கம்பி வலைக்குப் பின்னால் இருந்த சீட்டு எழுதும் பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ கம்ப்ரசர் பொண்ணு. அதே நெத்தி."

"அன்னிக்கு மூணாவது ரேஸுக்கு அப்புறம் அப்பா கட்டினாராங்க?"

அவர் நேராகப் பார்த்துச் சொன்னார். "என்கிட்ட கட்டல. போட்டோ வந்துச்சு. எனக்கே மனசு அடிச்சுக்கிச்சு. அவர் எழுந்து வந்தார், காது ரெண்டும் பழுத்த மிளகாய் மாதிரி. கையில மிச்சம் இருந்த நோட்டு மொத்தத்தையும் இந்த ஓட்டையில வச்சார். நான் கையை எடுத்துட்டேன். 'என்னண்ணே, வேலை என்ன ஆச்சு?'ன்னேன். ஒரு நிமிஷம் நின்னார். அப்புறம், 'கட்ட இல்லம்மா, வச்சுக்க. இது பையில இருந்தா கால் நகராது'ன்னுட்டுப் போனார். திரும்பி வரல." டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட சிறிய கட்டு ஒன்றை வெளியே தள்ளினார். "உங்க அம்மா கதவைத் திறக்கல. இல்லன்னா அன்னிக்கே கொடுத்திருப்பேன்."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"நான்தாம்மா ஜஸ்ட்மிஸ். கடைசியா அவனைப் பார்த்தது நான்தான். அஞ்சாவது ரேஸுக்கு முன்னாடி தேடிட்டுப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னாடி சாவிக்கடை இருக்கில்ல, அங்க பெஞ்சுல உக்காந்திருந்தான். கடை பூட்டியிருக்கு. சாவிக்காரன் எங்கேயோ பூட்டு உடைக்கப் போயிட்டான். 'வாடா, நாளைக்குப் போட்டுக்கலாம், அஞ்சாவது கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம், நான் கடன் தரேன்'னேன்." அவர் நாடாவை விரலில் சுற்றினார். "'வேலை முடியலடா'ன்னான்."

"அப்புறம்?"

"திட்டினேன். உன் பொண்ணு உனக்கு நல்லா மூக்கணாங்கயிறு போட்டிருக்கான்னேன். சிரிச்சான். 'இன்னும் சூடு இறங்கல, பூட்டின கடையைப் பார்த்தா கொஞ்சம் இறங்குது'ன்னான். சாவியைக் காட்டினான். 'படியில உக்கார வேண்டாமாம், உள்ளேயே வந்து உக்காரலாமாம்'னான். நாலு தடவை சொல்லியிருப்பான்."

திரையில் அடுத்த ரேஸுக்குக் குதிரைகள் புறப்பாட்டுக் கதவுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மகள் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். சாவிக்கடை ஒரு பெட்டி அளவுதான். முன்பக்கம் முழுக்கச் சாவிகள் தொங்கின. எதிரே சுவரோரம் ஒரு மரப்பெஞ்சு. கடை வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"விளையாடலம்மா."

"கடை பூட்டியிருந்துச்சு. திறக்கும்னு உக்காந்திருந்திருக்காரு."

"அவ்வளவு நேரமுமா?"

"ஆமா."

"வீட்டுக்கு வந்திருக்கலாமே, மனுஷன்" என்றாள் அம்மா. "சாவி போடலைன்னா யாரு கேக்கப்போறா? வீட்டுக்கு வந்திருக்கலாமே." அதன்பிறகு அம்மா அழுவது கேட்டது. ஒரு வாரமாக வராமலிருந்த அழுகை. மகள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அது தீரும்வரை நின்றாள்.

சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் கையில் சாவியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "கொடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. ஒண்ணா, ரெண்டா?"

அவள் சாவியைப் பார்த்தாள். சின்னச் சாவி. வளையத்தில் ஃப்ரிட்ஜ் தூசி ஒரு இழை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவசரம் இல்லைங்க" என்றாள். "கொஞ்சம் உக்காந்துக்கலாமா?"

"உக்காருங்க, உங்க பெஞ்சுதான்."

பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே யாருடைய சாவியையோ மெஷின் கிரீச்சென்று அராவிக்கொண்டிருந்தது. அவள் சாவி கைக்குள்ளேயே இருந்தது.